வெஸ்டர்ன் படங்களுக்குள் நுழைய ஆறு படங்கள்: கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு போகும் வழி

அமெரிக்க மேற்கில் நடக்கும் கௌபாய் கதைகளான வெஸ்டர்ன் படங்களைப் பார்க்கலாம் என்று இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுபவை 'தலைசிறந்த படங்கள்' பட்டியல்கள். அவற்றின் உச்சியில் பெரும்பாலும் ஜான் ஃபோர்டின் 'தி சர்ச்சர்ஸ்' (1956) இருக்கும். இல்லையென்றால் செர்ஜியோ லியோனேயின் 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்' (1968) இருக்கும். இரண்டும் பெரிய படங்கள்தான். ஆனால் புதிதாக வருபவர் முதலில் போடக்கூடாத படங்களும் இவைதான்.

காரணம் எளிது. 'ஸ்டேஜ்கோச்' (1939) தொடங்கி 17 ஆண்டுகளாக ஜான் வெய்ன் கட்டியெழுப்பிய நாயக பிம்பத்தை 'தி சர்ச்சர்ஸ்' அவரை வைத்தே கலைத்துப் போடுகிறது. அந்த பிம்பத்தை அறியாதவருக்குத் திரையில் தெரிவது ஒரு சிடுமூஞ்சி மனிதர் மட்டுமே. லியோனேயின் படமோ, ஸ்டேஷனில் ரயிலுக்காகக் காத்திருக்கும் மூன்று பேரோடு தொடங்குகிறது. ஒருவன் முகத்தில் ஈ உட்கார்கிறது, இன்னொருவன் தொப்பியில் தண்ணீர் சொட்டுகிறது, காற்றாலை கிரீச்சிடுகிறது. நிமிடங்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. பழைய வெஸ்டர்ன்களில் ரயில் வந்தால் என்ன நடக்கும் என்று தெரிந்தவருக்கு அது பதற்றம். தெரியாதவருக்குக் கொட்டாவி.

ஆகவே இங்கே வேறொரு அளவுகோல்: கதைக்குள் ஒரு கெடு ஓடிக்கொண்டிருக்கும் படத்தில் தொடங்குங்கள். பன்னிரண்டு மணிக்கு ரயில் வரும், மூன்று பத்துக்கு ரயில் புறப்படும் என்பது போல ஒன்று. கெடு இருந்தால் கதை உங்களை இழுத்துக்கொண்டு போகும். மார்ஷல், சலூன் எனப்படும் மதுக்கடை, பரிசுத்தொகை என்று இந்த உலகத்தின் வழக்கங்கள் போகிற போக்கில் பழகிவிடும். கீழே உள்ள ஆறு படங்களும் அந்தக் கணக்கில்தான் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. நடுவில் ஒரே ஒரு படத்தில் கெடு கிடையாது. அதற்குள் உங்களுக்கு அது தேவைப்படாது.

பார்க்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பெரும்பாலான வெஸ்டர்ன்கள் 1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, 1890களுக்குள் நடப்பவை. ரயில்பாதை நீண்டுகொண்டிருக்கிறது. மக்கள் குடியேறிக்கொண்டிருக்கிறார்கள். சட்டம் அவர்களுக்குப் பின்னால் மெதுவாக வருகிறது. நம்மூர் ரசிகருக்கு இடறும் முதல் கேள்வி, 'ஏன் போலீஸ் வரவில்லை?' என்பது. இந்தச் சின்ன ஊர்களில் போலீஸ் என்பதே ஊரார் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஒரு மார்ஷலும், அவருக்குக் கீழே ஓரிரு டெபுடிகளும்தான். மாவட்டத்துக்குத் தேர்தலில் வென்ற ஷெரிஃப் ஒருவர் இருப்பார். பெரிய ஆபத்து வந்தால் ஊர் ஆண்களையே திரட்டிப் படை அமைக்க வேண்டும். அதற்குப் பெயர் 'பாஸி'. ஆள் வரவில்லை என்றால் மார்ஷல் தனி ஆள். இந்த ஒரு தகவல் இல்லாமல் முதல் படம் புரியாது.

அடுத்து துப்பாக்கி. அன்றைய ரிவால்வரில் ஆறு குண்டு. பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்த பிறகே சுட முடியும். மீண்டும் நிரப்ப நேரமாகும். நல்ல இயக்குநர்கள் இந்தக் கணக்கை வைத்துத்தான் சண்டைக் காட்சியை அமைக்கிறார்கள். நீங்களும் எண்ணிப் பாருங்கள், காட்சி வேறு மாதிரி தெரியும்.

மூன்றாவது, டிவி. பலருக்குப் பழைய படம் 'சீரியல் மாதிரி' தெரிவதற்குக் காரணம் படம் அல்ல, டிவியின் அமைப்பு. எல்ஜியில் TruMotion, சாம்சங்கில் Auto Motion Plus, சோனியில் Motionflow என்று இருக்கும், அசைவை வழவழப்பாக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். Filmmaker Mode இருந்தால் அதைப் போட்டாலே போதும். 1950களின் தொடக்கம் வரை வந்த படங்கள் ஏறக்குறைய சதுரமானவை. இரு பக்கமும் கருப்புப் பட்டை வந்தால் அதுதான் சரி. 'ஸ்ட்ரெட்ச்' செய்தால் எல்லார் முகமும் பூசணிக்காயாகிவிடும். டெக்ஸாஸ் உச்சரிப்பு ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவரையும் திணறடிக்கும் என்பதால் ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். செல்போனில் பார்க்க வேண்டாம். பரந்த வெளியில் புள்ளியாக ஒரு குதிரை வருவது இந்த வகைப் படங்களில் முக்கியமான தகவல். ஆறு அங்குலத் திரையில் அந்தப் புள்ளி காணாமல் போய்விடும்.

முதல் படம்: ஹை நூன் (1952)

ஃப்ரெட் ஜின்னமன் இயக்கிய கருப்பு வெள்ளைப் படம். 85 நிமிடம்தான். கதை நடக்கும் நேரமும் படம் ஓடும் நேரமும் ஏறக்குறைய ஒன்று.

காலை பத்தரை தாண்டியிருக்கிறது. மார்ஷல் வில் கேன் (கேரி கூப்பர்) வேலையை விட்டுவிட்டு அப்போதுதான் திருமணம் செய்திருக்கிறார். தாலி கட்டிய ஈரம் காயவில்லை என்பார்களே, அந்த நேரத்தில் தந்தி வருகிறது. அவர் சிறைக்கு அனுப்பிய ஃபிராங்க் மில்லர் விடுதலையாகி, பன்னிரண்டு மணி ரயிலில் பழிதீர்க்க வருகிறான். அவனுடைய ஆட்கள் மூன்று பேர் ஏற்கெனவே ஸ்டேஷனில் காத்திருக்கிறார்கள். கேன் ஊரை விட்டுக் கிளம்பி, பாதி வழியில் வண்டியைத் திருப்புகிறார். பிறகு ஆள் திரட்ட வீடு வீடாக ஏறி இறங்குகிறார்.

படத்தின் உயிர் அந்த ஏறி இறங்கலில்தான் இருக்கிறது, கடைசிச் சண்டையில் இல்லை. ஒவ்வொரு மறுப்பும் வேறு மாதிரி. நீதிபதி பேசிக்கொண்டே சுவரிலிருந்து கொடியைக் கழற்றி மடிக்கிறார், தராசை எடுத்துப் பைக்குள் வைக்கிறார். நண்பர் ஒருவர் உள்ளே ஒளிந்துகொண்டு 'வீட்டில் இல்லை' என்று மனைவியைச் சொல்லவைக்கிறார். தேவாலயத்தில் கூடியிருப்பவர்கள் பட்டிமன்றம் நடத்துகிறார்கள். கடன் கேட்டுப் போய் ஒவ்வொரு வாசலிலும் காரணம் கேட்டுத் திரும்பியவருக்கு இந்தப் படம் உடனே புரியும்.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். சுவர்க் கடிகாரங்கள் அடிக்கடி திரையில் வரும். ஒவ்வொரு முறையும் மணி என்ன என்று பாருங்கள். பன்னிரண்டு நெருங்கும்போது வெட்டுகள் எப்படித் துரிதமாகின்றன, ரயிலின் விசில் கேட்டதும் எல்லாம் எப்படி நிற்கிறது என்பது தெரியும். அடுத்தது வானம். ஒளிப்பதிவாளர் ஃபிளாய்ட் கிராஸ்பி வழக்கமான வடிகட்டிகளைத் தவிர்த்து வானத்தை வெளிறிப்போக விட்டார். அதனால் அழகான மேகங்கள் இருக்காது. வெயிலில் வெந்த பழைய புகைப்படம் போல இருக்கும். 'பிரின்ட் சரியில்லையோ' என்று நினைத்து டிவியின் கான்ட்ராஸ்டை ஏற்றிவிடாதீர்கள்.

படத்தின் முதல் காட்சியில் பாறையருகே காத்திருக்கும் ஒல்லி முக ஆளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மில்லரின் ஆட்களில் ஒருவன், படம் முழுக்க ஒரு வசனம்கூடக் கிடையாது. பெயர் லீ வான் கிளீஃப். மூன்றாவது கட்டத்தில் மறுபடி வருவார். கேனோடு மல்லுக்கு நிற்கும் இளம் டெபுடி லாயிட் பிரிட்ஜஸ். அவர் தொடர்பு கடைசிப் படத்தில்.

இரண்டாவது கட்டம்: ஒரே கதை, இரண்டு முறை

எல்மோர் லெனர்ட் 1953இல் எழுதிய சிறுகதையிலிருந்து வந்தவை இரண்டு '3:10 டு யூமா' படங்கள். 1957இல் டெல்மர் டேவ்ஸ் எடுத்தது 92 நிமிடம். 2007இல் ஜேம்ஸ் மேங்கோல்ட் எடுத்தது 122 நிமிடம். இரண்டையும் ஒரே வாரத்துக்குள், பழையதை முதலில் பாருங்கள். வெஸ்டர்ன் என்ற வகை ஐம்பது ஆண்டுகளில் எப்படி மாறியது என்று புத்தகம் படித்துத் தெரிந்துகொள்வதைவிட இது சுலபம்.

கரு இதுதான்: பஞ்சத்தில் அடிபட்ட விவசாயி டேன் எவன்ஸ். கொள்ளைக்கூட்டத் தலைவன் பென் வேட் பிடிபடுகிறான். அவனை யூமா சிறைக்குப் போகும் 3:10 ரயிலில் ஏற்றிவிட வேண்டும். கூலி 200 டாலர். டேனுக்கு அந்த 200 டாலர் வேண்டும், ஆகவே ஒப்புக்கொள்கிறார். ரயில் வரும்வரை ஊர் ஹோட்டலின் மாடியறையில் இருவரும் காத்திருக்கிறார்கள். கூட்டாளிகள் தலைவனை மீட்க ஊருக்குள் வந்துகொண்டிருக்கிறார்கள்.

1957 படத்தின் பெரும் பகுதி அந்த அறைதான். வேட் (கிளென் ஃபோர்ட்) கட்டிலில் சாய்ந்துகொண்டு சிரிக்கிறான். டேன் (வான் ஹெஃப்லின்) ஜன்னலோரம் துப்பாக்கியோடு வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வேட் விலை பேசுகிறான். தொகை ஏறிக்கொண்டே போகிறது. விலங்கு போட்டவன் நிம்மதியாகவும், துப்பாக்கி வைத்திருப்பவன் நடுங்கிக்கொண்டும் இருப்பதுதான் காட்சியின் சூட்சுமம். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேரம் பேசுவதைப் பார்த்தவர்கள் டேனின் முகத்தில் ஓடும் கணக்கைப் படித்துவிடுவார்கள்.

2007 படம் அறையை விட்டு வெளியே வருகிறது. டேனாக கிறிஸ்டியன் பேல், வேட் வேடத்தில் ரஸல் குரோ. டேனுக்குப் போரில் ஒரு கால் போயிருக்கிறது. அப்பாவைத் துச்சமாக நினைக்கும் மகன் ஒருவன் கூடவே வருகிறான். பயணம் நீள்கிறது, துப்பாக்கிச் சத்தம் கூடுகிறது. பழைய படத்தில் 'பண்ணைக்குத் தண்ணீர் வேண்டும், வாக்கு தவறக்கூடாது' என்று இருந்த கேள்வி, புதியதில் 'மகன் கண்ணுக்கு நான் யார்?' என்று மாறிவிட்டது.

புதிய படத்தில் ஒரு இடத்தை மட்டும் விடாதீர்கள். வேட்டின் வலது கை சார்லி பிரின்ஸ் (பென் ஃபாஸ்டர்) தெருவில் நின்று, காவலுக்கு இருப்பவர்களைச் சுடும் எவனுக்கும் 200 டாலர் தருவதாகக் கத்துகிறான். டேனின் கூலியும் அதே 200தான். அடுத்த நிமிடம் ஊரே துப்பாக்கி எடுக்கிறது. 'ஹை நூன்' ஊர் கதவைச் சாத்திக்கொண்டது, இந்த ஊர் விலைக்குப் போகிறது. முடிவுகளும் வேறு வேறு. எது உங்களுக்குப் பிடிக்கிறது என்பதைக் குறித்து வையுங்கள், கடைசியில் உதவும். பழையதே மேல் என்பது இந்த வழிகாட்டியின் கட்சி. புதியதன் கடைசி இருபது நிமிடத்தில் வேட் செய்வதை நம்பக் கொஞ்சம் தாராள மனது வேண்டும்.

மூன்றாவது: இத்தாலிக்காரர்களின் வெஸ்டர்ன்

லியோனே என்றதும் எல்லாரும் 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' (1966) படத்துக்கு ஓடுகிறார்கள். பதிப்பைப் பொறுத்து அது ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரமோ அதற்கு மேலோ ஓடும். புதியவருக்கு அதற்கு முந்தைய 'ஃபார் எ ஃப்யூ டாலர்ஸ் மோர்' (1965) வசதி. 132 நிமிடம், கதையும் தெளிவு: தலைக்கு விலை வைக்கப்பட்ட கொள்ளைக்காரன் எல் இண்டியோ, அவனைத் துரத்தும் இரண்டு பரிசுத்தொகை வேட்டைக்காரர்கள். ஒருவர் கிளின்ட் ஈஸ்ட்வுட். இன்னொருவர், 'ஹை நூன்' படத்தில் வாயே திறக்காமல் நின்ற அதே லீ வான் கிளீஃப். இப்போது கர்னல் மார்ட்டிமர்.

இங்கே கெடு ஒரு பாக்கெட் கடிகாரத்துக்குள் போய்விடுகிறது. இண்டியோ மூடியைத் திறந்தால் அதிலிருந்து மெல்லிய இசை வரும். இசை நின்றதும் சுடலாம் என்பது அவன் விதி. அந்த மணியோசையை என்னியோ மோரிக்கோனே மெல்ல எடுத்து, கிதாரும் ட்ரம்பெட்டுமாகப் பெரிதாக்கிச் சண்டையின் பின்னணி இசையாக்குகிறார். ஆகவே ஹெட்ஃபோனோ நல்ல ஸ்பீக்கரோ அவசியம்.

முன்பாதியில் இருவரும் தெருவில் மோதிக்கொள்ளும் இரவுக் காட்சியை நெருங்கிப் பாருங்கள். ஈஸ்ட்வுட் சுட்டு கர்னலின் தொப்பியைத் தட்டிவிடுகிறார். கர்னல் குனியும்போதெல்லாம் தொப்பி இன்னும் தள்ளிப் போகிறது. ஒரு கட்டத்தில் ஈஸ்ட்வுட்டின் குண்டு எட்டவில்லை. அப்போது கர்னல் நிதானமாக நீளக் குழல் கொண்ட தன் துப்பாக்கியை எடுத்து, அந்தத் தூரத்திலிருந்து ஈஸ்ட்வுட்டின் தொப்பியைக் காற்றில் பறக்கவிட்டு மீண்டும் மீண்டும் சுடுகிறார். சிரிப்புக் காட்சிதான். ஆனால் யார் துப்பாக்கி எவ்வளவு தூரம் எட்டும் என்று லியோனே நமக்கு அளந்து காட்டிவிட்டார். அந்த அளவு பின்னால் தேவைப்படும்.

இந்தப் படத்தில் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் டப்பிங். அன்றைய இத்தாலியப் படங்களில் வசனம் பிறகுதான் பதிவாகும். நடிகர்கள் அவரவர் மொழியில் பேசியிருப்பார்கள். உதடும் குரலும் பொருந்தாமல் போவது உங்கள் பிரதியின் கோளாறு இல்லை. ஈஸ்ட்வுட், வான் கிளீஃப் இருவரின் சொந்தக் குரல் ஆங்கில ஒலித்தடத்தில்தான் இருக்கிறது, அதையே தேர்ந்தெடுங்கள். படத்தில் வரும் பாலைவனமும் அமெரிக்கா கிடையாது, ஸ்பெயினின் அல்மேரியா. அங்கே போட்ட எல் பாஸோ ஊர் செட் இன்று சுற்றுலாத் தலம்.

தமிழில் இதன் வாசனை ஏற்கெனவே பழக்கமானதுதான். கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் நடித்த 'கங்கா', 'ஜக்கம்மா' (இரண்டும் 1972) இந்த இத்தாலிய வகையைப் பின்தொடர்ந்தவை. சிம்புதேவனின் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' (2010) இதையெல்லாம் கிண்டலடித்தது. சிவகாசியிலிருந்து வரும் லயன்-முத்து காமிக்ஸில் டெக்ஸ் வில்லரும் லக்கி லூக்கும் படித்து வளர்ந்தவர்கள் இந்தக் கட்டத்தை முதலாவதாகப் பார்த்தாலும் பிழையில்லை. டெக்ஸ் வில்லரும் இத்தாலிக்காரர்களின் படைப்புதான்.

நான்காவது: அன்ஃபர்கிவன் (1992)

கெடு இல்லாத படம் இது. ஈஸ்ட்வுட்டே இயக்கி நடித்தது, சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கர். 'செர்ஜியோவுக்கும் டானுக்கும்' என்று கடைசியில் காணிக்கை வரும். செர்ஜியோ யார் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். டான் என்பவர் ஈஸ்ட்வுட்டை வைத்து 'டர்ட்டி ஹாரி' எடுத்த டான் சீகல். இதை முதலில் பார்த்தால் நல்ல படம் என்று சொல்லி எழுந்துவிடுவீர்கள். முந்தைய கட்டங்களுக்குப் பிறகு பார்த்தால், போன படத்தில் தொப்பியை வைத்து விளையாடிய அதே ஆள் இப்போது பன்றிச் சேற்றில் வழுக்கி விழுவது வயிற்றைப் பிசையும்.

வில் மன்னி ஒரு காலத்தில் கொலைகாரன், இப்போது இரண்டு குழந்தைகளோடு பன்றி வளர்க்கும் கிழவர். தகர டப்பாவைக் குறி வைத்துச் சுட்டுப் பார்க்கிறார், ஒன்றும் படவில்லை. வீட்டுக்குள் போய் ஷாட்கன்னை எடுத்து வந்து டப்பாவைச் சிதறடிக்கிறார். குதிரை அவரை ஏறவிட மறுக்கிறது. சலூன் பெண்ணொருத்தியின் முகத்தைக் கத்தியால் கிழித்தவர்களைக் கொன்றால் 1,000 டாலர் என்று அங்குள்ள பெண்கள் சேர்த்து வைத்த பணத்துக்காக அவர் கிளம்புகிறார்.

நடுவில் சிறையறைக் காட்சி வரும். ஷெரிஃப் லிட்டில் பில் (ஜீன் ஹேக்மன்), சாகசக் கதை எழுதும் ஒருவனுக்கு, அவன் புத்தகத்தில் எழுதியிருக்கும் வீரச் சண்டை உண்மையில் எப்படி நடந்தது என்று விளக்குகிறார். குடிபோதை, குறி தவறியது, துப்பாக்கி கையிலேயே வெடித்தது என்று. வேகமாக உருவுவது பெரிதில்லை, பதறாமல் குறி வைப்பதுதான் பெரிது என்கிறார். இதுவரை நீங்கள் பார்த்த எல்லாச் சண்டைகளையும் இந்தக் காட்சி திரும்பிப் பார்க்கவைக்கும். தொடக்கத்தில் வரும் கத்திக் காட்சியும், பின்னால் வரும் அடியும் கடுமையானவை. குழந்தைகளோடு உட்கார வேண்டாம்.

ஐந்தாவது: ஹெல் ஆர் ஹை வாட்டர் (2016)

டெய்லர் ஷெரிடன் எழுத, டேவிட் மெக்கென்சி இயக்கியது. 102 நிமிடம். குதிரைக்குப் பதில் பிக்கப் வண்டி, செல்போன், சிசிடிவி. இது வெஸ்டர்னா என்று கேட்பவருக்கு விடை படத்தின் கணக்கிலேயே இருக்கிறது. தாய் வைத்துவிட்டுப் போன கடனுக்கு வங்கி நிலத்தைப் பறிக்கப்போகிறது, கெடு சில நாள். மகன்கள் இருவரும் அதே வங்கியின் கிளைகளைக் கொள்ளையடித்து அதே வங்கியின் கடனை அடைக்கத் திட்டமிடுகிறார்கள். கல்லாவில் இருக்கும் சில்லறை நோட்டை மட்டும் எடுப்பார்கள், கட்டுகளைத் தொடமாட்டார்கள். வண்டியைக் குழி தோண்டிப் புதைப்பார்கள், பணத்தைச் சூதாட்ட விடுதியில் மாற்றுவார்கள். ஒவ்வொரு படியும் காரணத்தோடு காட்டப்படுகிறது.

துரத்தும் ரேஞ்சர், அதாவது டெக்ஸாஸ் மாநிலப் போலீஸ் அதிகாரி, ஜெஃப் பிரிட்ஜஸ். 'ஹை நூன்' டெபுடியின் மகன். சகோதரர்களில் முரடன் பென் ஃபாஸ்டர், இரண்டாவது கட்டத்தில் 200 டாலர் தருவதாகக் கத்தியவர்.

பழைய வெஸ்டர்ன்களின் பெரிய குறை பூர்வகுடி மக்களைக் காட்டிய விதம். பலவற்றில் அவர்கள் மலைமேல் தோன்றும் ஆபத்து, அவ்வளவுதான். இந்த வரிசையில் அத்தகைய படங்கள் குறைவாக இருப்பதும் தற்செயல் அல்ல. இங்கே ரேஞ்சரின் கூட்டாளி ஆல்பர்ட்டோ பாதி கமாஞ்சி இனத்தவர். வங்கிக்கு எதிரே உட்கார்ந்து அவர் சொல்வதன் சாரம்: இந்த நிலமெல்லாம் என் முன்னோருடையது, உங்கள் தாத்தாக்கள் பிடுங்கினார்கள், இப்போது அது உங்களிடமிருந்து பிடுங்கப்படுகிறது. அப்படிச் சொல்லிவிட்டு வங்கியைக் காட்டுகிறார்.

இதற்குப் பிறகு எங்கே?

குறித்து வைத்ததை இப்போது எடுங்கள். 1957 யூமாவின் முடிவு பிடித்திருந்தால் 'ஸ்டேஜ்கோச்' பாருங்கள். 96 நிமிடம், ஒரு வண்டிக்குள் ஒட்டாத மனிதர்கள். அடுத்து 'ரியோ பிராவோ' (1959). மார்ஷல் ஊராரிடம் உதவி கேட்டு அலைவது இயக்குநர் ஹாவர்ட் ஹாக்ஸுக்கும் ஜான் வெய்னுக்கும் பிடிக்கவில்லை. 'ஹை நூன்' படத்துக்கு அவர்கள் கொடுத்த பதில் இது.

2007இன் முடிவு பிடித்திருந்தால் கோயன் சகோதரர்களின் 'ட்ரூ கிரிட்' (2010). அப்பாவைக் கொன்றவனைத் தேடும் 14 வயதுப் பெண், குதிரை வியாபாரியிடம் வாயாலேயே பேரம் பேசி வெல்லும் காட்சிக்காகவே பார்க்கலாம். அதில் பேச்சு பழைய பாணி ஆங்கிலம், சப்டைட்டில் கட்டாயம்.

இவற்றையும் முடித்துவிட்டு 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்' போடுங்கள். மூன்று பேர், ஒரு ஸ்டேஷன், ஒரு ஈ. இந்த முறை ரயில் சத்தம் எப்போது கேட்கும் என்று நீங்களே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.